பக்கத்து வயல்காரரைக் கேட்காமல் போட்ட மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் பகுதியில் திருந்திய நெல் சாகுபடிச் செயல்விளக்கத் திடல்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். சாகுபடி முறை, பயிர்ப் பதிவேடு, இடுபொருள், அக்கம்பக்கத்தார் பின்பற்ற முடிவது என நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 25. விவசாயிகள் சார்பில் குழுவில் இருந்த நானும், முதலிடம் பெற்ற திடலுக்குக் கையெழுத்துப் போட்டேன். அது தவறு என்று இப்போது உணர்கிறேன்.

அந்தத் திடல்காரரின் நடவில் குறையில்லை. 22.5 செ.மீ. இடைவெளியில் சதுர நடவு என்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 குத்து வரவேண்டும். நடும்போது பார்க்காதவர்கள்கூட அறுத்த தாளை எண்ணி இதைத் தெரிந்துகொள்ளலாம். கயிறு பிடித்து மூன்று இடத்தில் எண்ணினேன்: 19, 20, 21. மனநிறைவோடு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பதிவேடுதான் உறுத்தியது. இலை வண்ண அட்டையை வாரந்தோறும் 10 இலையில் வைத்துப் பார்த்து, ஆறு இலையாவது 4-க்குக் கீழே வெளுத்திருந்தால் யூரியா இடவேண்டும். அவரது ஏட்டில் எல்லா வாரமும் ஒரே மையில் 'பார்த்தேன், சரி' என்றுதான் இருந்தது. இரண்டாம் இடம் பெற்றவரின் நோட்டில் சேறு அப்பியிருந்தது. ஒரு வாரம், '7 இலை வெளுப்பு, ஏக்கருக்கு 26 கிலோ யூரியா'. அடுத்த வாரம், 'மழை, வயலுக்குப் போகவில்லை'. அந்தப் 'போகவில்லை'தான் மற்ற வரிகளையும் என்னை நம்ப வைத்தது.

இடுபொருள் கணக்கிலும் ஒரு பிசகு. விதையும் உயிர் உரமும் இலவசம், கோனோவீடர் இரவல் என்பதால் மூன்றுக்கும் செலவு பூஜ்யம் என்று எழுதியிருந்தது. பக்கத்து விவசாயி இவற்றைக் காசு கொடுத்துத்தானே வாங்கவேண்டும்? அந்த விலையை எழுதியிருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்து வரப்பில் திரும்பும்போது அடுத்த வயல்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அவருக்கு போர்வெல் இருக்கிறது அண்ணே. நினைத்தபோது தண்ணீரைக் கட்டுவார், நினைத்தபோது காயப்போடுவார். எனக்கு முறைத் தண்ணீர். வரும்போது வயலை நிரப்பாமல் விட்டால் அடுத்த முறைவரை என்ன செய்வேன்?" என்றார். கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலும் விவசாயியின் கையில் மட்டும் இல்லை. நாங்களோ திடல் சொந்தக்காரரின் விளக்கத்தைக் கேட்டே நான்காம் தலைப்புக்கு 23 போட்டிருந்தோம். நோட்டில் சேறு படிந்தவரின் வயல், அடுத்த வயல்காரருடையதைப் போலவே, வாய்க்கால் தண்ணீரை நம்பியது, அவருக்கு 15.

அடுத்த பருவத்தில் நான்காம் தலைப்புக்கு மதிப்பெண் போடும் முன், அதே வாய்க்காலில் பாயும் இரண்டு பக்கத்து வயல்காரர்களையாவது திடல்காரர் இல்லாத இடத்தில் விசாரிக்கவேண்டும். திடலுக்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது என்பதை மதிப்பெண் தாளின் முதல் வரியிலேயே எழுதவேண்டும்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.