முதல் வரி பற்றி ராஜுவுக்கு

அன்புள்ள ராஜு,

கதை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். பாலுவுக்கு மட்டும் மறுபடியும் முதுகுவலி. படுத்துக்கொண்டே அவனும் கதையைப் படித்துவிட்டான். தீபாவளி மலருக்கு அனுப்புவதற்குள் முதல் வரியை நீ மாற்றியே ஆகவேண்டும். உள்ளே இருப்பது நல்ல கதை என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்த அந்த இனிய காலைப் பொழுதில், நெஞ்சில் பழைய நினைவுகளோடு பேருந்திலிருந்து இறங்கினான் மாணிக்கம்.'

பொற்கதிரை எடுத்துவிட்டு 'வெயில் சுள்ளென்று அடித்தது' என்று போட்டாலும் இது தேறாது. ஊருக்குத் திரும்பி வருகிற யாருடைய கதைக்கும் இந்த வரி பொருந்தும், கோளாறே அதுதான். விடியற்காலை, பேருந்து, ரயில் ஜன்னல், கண்ணாடி முன் நிற்பது என்று நாம் தொடங்குவதெல்லாம் பெரும்பாலும் எழுதுகிறவன் கதைக்குள் நுழைய எடுத்துக்கொள்ளும் அவகாசம். முதல் படியில் அது இருக்கட்டும், அச்சுக்குப் போகக் கூடாது.

பென்சிலை எடுத்துக்கொண்டு உன் கதையையே படித்துப் பார். வேறொருவர் செய்யாத ஒன்றை ஒருவர் செய்கிற முதல் இடத்தில் கோடு போடு. எனக்கு அது இரண்டாம் பக்கத்தில் கிடைத்தது: பத்திரப் பதிவுக்குக் கிளம்பும் முன் மாணிக்கத்தின் அம்மா வாசல் கதவின் நாதாங்கியைக் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். விற்கப்போகிற வீட்டில் இதை எந்த அம்மா செய்வாள்? இதை இரண்டாம் பக்கத்தில் புதைத்து வைத்திருக்கிறாயே!

பாலு உடனே ஒரு வரி சொன்னான்: 'அம்மா ஒரு திருடி.' அதிர்ச்சியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் எடுத்தது தன் வீட்டு நாதாங்கி என்று மூன்றாவது பத்தியில் தெரிந்ததும் வாசகனுக்கு ஏமாந்த உணர்வு வரும். அதற்குப் பிறகு நீ உண்மையாகச் சொல்வதையும் அவன் சந்தேகத்தோடுதான் படிப்பான். 'அன்றுதான் வீட்டை விற்கும் நாள்' என்று தொடங்கினால் பொய் இல்லை. ஆனால் அது செய்தி மட்டும், அதில் ஆளே இல்லை.

நான் போட்டுப் பார்த்தது இது:

'வீட்டைப் பதிவு செய்யக் கிளம்பும் முன் அம்மா வாசல் கதவின் நாதாங்கியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள்.'

இதையே 'அம்மா நாதாங்கியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள், வீட்டைப் பதிவு செய்யக் கிளம்பும் முன்' என்று திருப்பிப் போட்டுச் சத்தமாகப் படி. வரி தொய்ந்துவிடுகிறது. சாதாரணச் செய்தி முன்னால் போய், விசித்திரமான செயல் கடைசியில் வினையோடு முடிந்தால்தான் வாசகன் 'ஏன்?' என்று கேட்பான். 'துருப்பிடித்த', 'கனத்த மனதோடு' என்றெல்லாம் அடைமொழி சேர்த்துவிடாதே. மனம் கனத்தது என்று நீ சொன்னவுடன் அந்த 'ஏன்' செத்துப்போகும்.

ஒரு சொல்லால் ஆளைக் காட்ட முடியும் என்பதற்குப் புதுமைப்பித்தனைப் பார். 1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற சந்தியில் பிள்ளைவாள் நிற்பது 'ஆபத்தில்லாத ஓரத்தில்'. முதல் வரியிலேயே மனிதர் முழுசாகத் தெரிந்துவிடுகிறார். நான் போட்டுப் பார்த்த வரியில் அந்த வேலையை 'மடியில்' செய்கிறது. பையில் போட்டால் அது வெறும் சாமான்; மடியில் செருகினால் யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் நினைக்கிறாள்.

அடுத்த வரிதான் எல்லோரும் சறுக்குகிற இடம். 'அந்த வீடு அப்பா கட்டியது' என்று உடனே பின்கதைக்குப் போய்விடாதே. அதே காலையில் இன்னும் கொஞ்சம் நில். 'திருப்புளியை நேற்றே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தாள்' என்று எழுதலாம். இப்போது அது திடீர் ஆசை இல்லை, திட்டம். அப்பாவைப் பற்றிய பத்தியை, வாங்குகிறவர் கதவைத் தொட்டுப் பார்க்கும் இடத்துக்கு நகர்த்து.

இந்த மாற்றத்துக்காக வேறு இரண்டு இடங்களிலும் நீ கைவைக்க வேண்டியிருக்கும். 'அம்மா' என்று தொடங்கிவிட்டால் கதை மாணிக்கத்தின் பார்வையிலேயே போக வேண்டும். நான்காம் பக்கத்தில் வாங்குகிறவரின் மனதுக்குள் போகிறாயே, அந்தப் பத்தி வெளியே. அப்புறம், நாதாங்கி இரண்டாம் பக்கத்தோடு காணாமல் போய்விடுகிறது. முதல் வரியில் வைத்த பிறகு அதை மறந்தால் வாசகன் விடமாட்டான். பதிவாளர் அலுவலகத்தில் அம்மா கைரேகை வைக்கக் குனிகிற காட்சி உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே அது மடியிலிருந்து நழுவலாமா என்று யோசி. நழுவக் கூடாது என்கிறான் பாலு. எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

சுந்தரம் அண்ணனிடம் முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டி நிறுத்து. 'நல்லா இருக்கு' என்றால் மறுபடி எழுது. 'எதுக்குடா கழட்டினா?' என்று கேட்டால் அனுப்பிவிடு.

தலைப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி