மகளுக்கு: டிராபிக்கில் தலையாட்டும் பைக் பற்றி

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

லண்டனில் 20 மைல் வேகக் கட்டுப்பாடுள்ள வீதிகளில், கார்களுக்குப் பின்னால் ஊரும்போது புது பைக் தலையாட்டுகிறது என்று சொல்லியிருந்தாய். வருசம் முழுக்க, மழைக்கென்று பைக்கில் இருக்கும் RAIN மோடிலேயே ஓடச் சொல்லி உன்னுடன் வேலை செய்பவர் சொன்னாராம். அவர் சொன்னது அரைவாசிதான் சரி. நீ அனுப்பிய மேனுவல் பக்கங்களைக் கராஜில் இருந்து ஆறுதலாக வாசித்தேன். RAIN இல் பவர் குறைவு, ஆனால் எஞ்சின் பிரேக்கிங் நடுத்தரம். SPORT இல்தான் எஞ்சின் பிரேக்கிங் ஆகக் குறைவு. பெயரைப் பார்த்தால் எவரும் மறுவளமாகத்தான் நினைப்பார்கள்.

கோணேசர் கோயிலில் இருந்து கோட்டைக்குள்ளால் இறங்கி வரும்போது, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டர் கைபிடியைத் திருகாமல் முழுக்க விட்டால் எஞ்சினே பைக்கைப் பிடித்துக்கொண்டு வருமே, அதுதான் எஞ்சின் பிரேக்கிங். எஞ்சினுக்குள் காற்றை விடும் பட்டர்பிளை வால்வு மூடியதும் பிஸ்டன் காற்றை இழுக்க முடியாமல் திணறும். அந்தத் திணறல்தான் பின்சில்லை இழுத்துப் பிடிக்கிறது. என் பைக்கில் கைபிடிக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு கேபிள். கையை விட்டால் வால்வு மூடும், வேறு கதையே இல்லை. உன் பைக்கில் கேபிள் கிடையாது. நீ எவ்வளவு திருப்பினாய் என்று சென்சார் ஈசியு என்ற பைக்கின் கம்பியூட்டருக்குச் சொல்லும், வால்வைத் திறப்பது ஒரு சின்ன மோட்டார். அதனால் நீ முழுக்க விட்ட பிறகும் வால்வைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்க ஈசியுவால் முடியும். காற்று போகப் போகத் திணறல் குறையும், பைக் உருண்டு போகும். திரையில் எஞ்சின் பிரேக்கிங்குக்கு EB என்று இருப்பது இந்த மிச்சத் திறப்பை மாற்றத்தான். P என்பது வேறு. நீ கைபிடியைத் திருப்பும்போது வால்வு மெல்லத் திறக்குமா, பாய்ந்து திறக்குமா என்பது அதில் இருக்கிறது.

இனி தலையாட்டத்துக்கு வருவோம். நெரிசலில் நீ நிமிடத்துக்குப் பல தடவை கைபிடியை விட்டு விட்டுப் பிடிக்கிறாய். விட்டதும் சில்லு எஞ்சினைச் சுழற்றுகிறது, பிடித்ததும் எஞ்சின் சில்லைச் சுழற்றுகிறது. இப்படி மாறும் ஒவ்வொரு தடவையும் செயினின் தளர்வு மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் தாவும். விடும்போது ஈசியு பெட்ரோலையும் நிறுத்திவிடும். அது திரும்ப வரும் இடத்திலும் ஒரு சின்ன உதறல் உண்டு. EB கூடுதலாக இருந்தால் இழுப்பில் இருந்து தள்ளலுக்குப் போகும் தூரம் பெரிது, உதறலும் பெரிது. கியர் குறையக் குறைய இது கூடும். முதல் கியரில்தான் மோசம்.

ஞாயிறு காலை வெறும் வீதி ஒன்றில் இரண்டாம் கியரில் 15 மைலில் போ. USER மோடில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, கைபிடியை மெதுவாக விட்டுப் பிடித்துப் பார். பிறகு பைக்கை நிறுத்தி EB ஐ மட்டும் ஆகக் குறைவுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் அதையே செய். 1, 2, 3 இல் எது கூடுதல் என்பது பைக்குக்கு பைக் மாறும், மேனுவலைப் பார். விடும்போது வந்த குத்து குறைந்தால் காரணம் EB. பிடிக்கும்போது இன்னும் துள்ளினால் P ஐயும் ஒரு படி இறக்கு. T ஐத் தொடாதே, அது பின்சில்லு வழுக்காமல் பார்க்கும் வேலை.

எந்த அளவில் வைத்தாலும் ‘டக்’ என்ற சத்தம் அப்படியே கேட்டால், அது இந்த செட்டிங்குகளின் குற்றம் இல்லை. செயின் தளர்ந்திருக்கும், அல்லது பின் ஹப்புக்குள் இருக்கும் றப்பர் நைந்திருக்கும். கராஜுக்கு வரும் பெடியள் இந்த இடத்தில்தான் வீணாகக் காசு கொட்டுகிறார்கள். கீழ்ச்செயினின் நடுவை விரலால் மேலே தூக்கி, கீழே அழுத்தி, மொத்தம் எத்தனை மில்லிமீற்றர் ஆடுகிறது என்று அள. சில்லைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, ஆக இறுக்கமான இடத்தின் அளவையே எடு. இருக்க வேண்டிய அளவு ஸ்விங்ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும்.

EB ஐக் குறைத்த பிறகு ஒன்றைக் கவனி. கைபிடியை விட்டாலும் முன்னால் நிற்கும் கார் பழையதை விட வேகமாகக் கிட்ட வரும். கை பழகும்வரை இடைவெளி கூட விடு, இரண்டு விரல் பிரேக் லீவரில் இருக்கட்டும். எனக்கு இதில் ஒரு நிம்மதியும் உண்டு. எஞ்சின் பிரேக்கிங்கால் வேகம் குறையும்போது பெரும்பாலான பைக்குகளில் பிரேக் லைட் எரியாது, பின்னால் வரும் பஸ்காரனுக்கு ஒன்றும் தெரியாது. பிரேக்கைத் தொட்டால் எரியும். மலைப்பக்கம் நெடும் இறக்கத்தில் போனால் மட்டும் EB ஐத் திரும்பக் கூட்டு, இல்லாவிட்டால் பிரேக் சூடாகும்.

செயின் அளவை எழுதி அனுப்பு. ஸ்டிக்கரையும் பின் ஸ்ப்ரொக்கட் பல்லையும் கிட்டத்தில் ஒரு படம் எடு.

அப்பா