பயிற்சியில் தந்த மாதிரி ஒப்பந்தத்தைத் திருத்தித் தாருங்கள்

திருகோணமலையில் புதுத் தொழில்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தினருக்கு,

வணக்கம். பயிற்சி முடிவில் நீங்கள் எல்லோருக்கும் தந்த மாதிரி ஒப்பந்தத்தில் வேலை, தொகை, முடிவுத் திகதி எல்லாம் இருக்கின்றன. பிரியும்போது டெவலப்பர் எதையெதை ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நிலாவெளிப் படகுகளுக்கான எங்கள் முன்பதிவுச் செயலியை எழுதிய ஃப்ரீலான்ஸ் தம்பியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம். சண்டை சச்சரவு இல்லை. உங்கள் மாதிரியில் உள்ளபடி முடிவுத் திகதியன்றே கடைசித் தவணையையும் கொடுத்தோம். சோர்ஸ் கோட் வந்தது. வேறொரு கணினியில் பில்ட் செய்து பார்த்தால் ஓடவில்லை. கடவுச்சொற்கள் இருக்கும் `.env` கோப்பும் இல்லை, புதிய பதிப்புக்குக் கையொப்பமிடும் கீஸ்டோரும் இல்லை.

கீஸ்டோர் தொலைந்தால் பிளே ஸ்டோர் கணக்கின் உரிமையாளர் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணக்கே தம்பியின் பெயரில்தான். கடவுச்சொல்லைத் தந்துவிட்டார், ஆனால் உள்ளே போக அவருடைய பழைய சிம்முக்கு வரும் இலக்கம் வேண்டும். அவரோ கட்டாரில், சிம் வீட்டு லாச்சியில். அவருடைய அம்மா போனைச் சார்ஜில் போட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து இலக்கத்தை வாசிப்பதற்குள் அது காலாவதியாகிவிடுகிறது. செயலியில் இன்னும் போன சீசன் கட்டணம். படகடியில் பயணிகள் போனைக் காட்டிச் சண்டை பிடிக்கிறார்கள், படகுக்காரர் எங்களைப் பிடிக்கிறார். புதுச் செயலியாகப் போட்டால் எல்லோரும் திரும்ப நிறுவ வேண்டும், பழைய மதிப்புரைகளும் போய்விடும்.

அப்புறம் உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் ஊழியர் வேலையின்போது எழுதியது முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்ஸ் செய்பவர் ஊழியர் அல்ல. உரிமை கைமாற எழுத்தும் கையொப்பமும் வேண்டும், காசு கொடுத்த ரசீது போதாது. இதைச் சொல்ல உங்கள் பயிற்சியில் நேரம் கிடைக்கவில்லை போலும். பதாகையின் முன் படம் எடுக்க மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

சரி, கோபம் போகட்டும். தயவுசெய்து அந்த மாதிரியைத் திருத்துங்கள். டொமைன், சேர்வர், பிளே ஸ்டோர் கணக்குகள் முதல் நாளிலிருந்தே நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் இருக்கட்டும். வேறொரு கணினியில் பில்ட் ஓடி, உரிமை மாற்றப் பத்திரத்தில் இருவரும் கையொப்பமிடும் அன்றே கடைசித் தவணையும் கைமாறட்டும். டெவலப்பரின் காசுக்கும் அதுதான் காவல். அவர் முன்பே எழுதி வைத்திருந்த பொதுவான கோட் அவருக்கே சொந்தமாக இருக்கட்டும், எங்களுக்குப் பயன்படுத்தும் அனுமதி போதும். கடவுச்சொற்களையும் சாவிகளையும் அதன்பின் நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.

அடுத்த அணிக்குப் பழைய மாதிரியைக் கொடுக்கவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சியில் இருந்த ஒருவர்