மண்டல பூஜை உபயம் கேட்டு யார் அழைத்தாலும்: நம் குடிப்பாட்டு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

பங்காளிகளுக்கும், பிற ஊர்களில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நம் பெண்மக்களுக்கும், திருப்பணிக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் அம்மன் கோயில் கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்து மண்டல பூஜை நடந்துகொண்டிருக்கிறது. இந்த 48 நாட்களில் கோயிலின் பெயரைச் சொல்லி யாரோ நம் வீடுகளில் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், என் பார்வைக்கு வந்த ஒன்றை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் இதே மாதிரிதான்.

திருப்பூரில் இருக்கும் நம் குலத்துப் பெண் ஒருவருக்குப் பகல் நேரத்தில் போன் வந்திருக்கிறது. பேசியவர் நம் பக்கத்துப் பேச்சிலேயே நலம் விசாரித்தார். அந்தப் பெண்ணுடைய அப்பாவின் பெயர், பிறந்த ஊர், போன கும்பாபிஷேகத்தில் தாத்தா செய்த உபயம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். மண்டல பூஜையில் ஒரு நாள் உபயத்தை எடுத்திருந்த குடும்பத்தில் சாவு விழுந்துவிட்டதாகவும், தீட்டு என்பதால் அந்த நாள் காலியாக இருப்பதாகவும், பூவுக்கும் அபிஷேகப் பொருளுக்கும் மாலைக்குள் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னார். 5,001 ரூபாய். இந்தப் பெண்ணுக்கு அம்மனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தலைக்கட்டு வரி ஆண்மக்கள் குடும்பத்துக்குத்தான் எழுதுகிறோம். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டதே அவருக்குச் சந்தோஷம்.

வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் படம் வந்தது. மேலே நம் கோபுரத்தின் படம், கீழே கோயிலின் பெயர். அதை ஸ்கேன் செய்ததும் போன் திரையில் வந்தது வேறு ஒரு பெயர், நம் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு தனி ஆளின் பெயர். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். ‘கோயில் கணக்கில் இன்றைக்கு லிமிட் முடிந்துவிட்டது, இது ஆடிட்டர் கணக்கு’ என்று பதில் வந்தது. பணம் போய்விட்டது. அரை மணி நேரத்தில் வண்ணத்தில் ஒரு ரசீதும் வந்தது. மறுபடி அழைத்து, அதே நாளில் ஹோமமும் சேர்த்துச் செய்தால் விசேஷம், 15,000 ஆகும் என்றார்கள். அந்தச் செய்தியை அவர் ஊரிலிருக்கும் அண்ணனிடம் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் பூசாரியைக் கேட்டார். அந்த நாள் உபயக்காரர் வீட்டில் சாவும் இல்லை, தீட்டும் இல்லை. அவர்கள் பூஜைக்கு வருவதற்கு வண்டி பேசி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு விவரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாரும் திருடவில்லை. நாமே அச்சடித்துக் கொடுத்ததுதான். நம் கும்பாபிஷேக அழைப்பிதழை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த உபயம், கடைசிப் பக்கத்தில் மண்டல பூஜைக் கட்டளைதாரர்கள் நாள்வாரியாக, பலருக்குப் போன் நம்பரும் சேர்த்து. அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பத்து குழுவுக்கு அது போய்ச் சேர்ந்தது. முன்மண்டபத்துக் கல்வெட்டில் தாத்தாக்கள் கொடுத்த தொகை வரை வெட்டியிருக்கிறது. அதன் படமும் முகநூலில் கிடக்கிறது. ஆகவே அழைப்பவர் உங்கள் பாட்டனார் பெயரைச் சொன்னால், அவர் நம் அழைப்பிதழைப் படித்திருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் திரையில் வந்த பெயருக்கு வருகிறேன். ஏமாற்று முழுவதும் அந்த இடத்தில்தான் பிடிபடும்.

க்யூஆர் படம் என்பது ஒரு வரி எழுத்து, கட்டங்களாக மாற்றப்பட்டது, அவ்வளவுதான். பணம் வாங்கும் படத்துக்குள் இருக்கும் வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=abcd@bank&pn=AMMAN KOVIL
```

pa என்பதற்கு அடுத்து வருவது பணம் போய்ச் சேரும் முகவரி. pn என்பதற்கு அடுத்து வருவது பெயர். இந்தப் பெயரை படத்தைத் தயாரிக்கிற எவரும் தன் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம். சரிபார்க்க ஆள் இல்லை. முன்பு சில செயலிகள் இந்தப் பெயரையே திரையில் காட்டின. யூபிஐ முறையை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதை மாற்றச் சொல்லிவிட்டது. 2025 ஜூன் 30-க்குள் எல்லாச் செயலிகளும், வங்கியின் பதிவேட்டில் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரை மட்டுமே காட்ட வேண்டும் என்பது உத்தரவு. அதனால் பின் நம்பர் போடுவதற்கு முன்பு திரையில் வரும் பெயர் இப்போது நம்பத்தக்க சாட்சி. படத்தின் மேல் அச்சடித்த பெயரோ, வாட்ஸ்அப்பில் தெரியும் ‘கோயில் அலுவலகம்’ என்ற பெயரோ, கோபுரப் படமோ சாட்சி ஆகாது. திருப்பூரில் அந்தச் சாட்சி உண்மையைத்தான் சொன்னது. ஆடிட்டர் கதை அதை மூடிவிட்டது.

நம் சீமையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கே பாதிக் கம்பெனிகளுக்கு அம்மன் பெயர்தான். அம்மன் டெக்ஸ், அம்மன் டிரேடர்ஸ், அம்மன் ரைஸ் மில். இப்படியொரு கடைப் பெயரில் திறந்த கணக்கு ஏமாற்றுக்காரர் கையில் இருந்தால், திரையில் வங்கிப் பதிவேட்டுப் பெயரே ‘ஸ்ரீ’ போட்டு அம்மன் என்று காட்டும். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பணத்தை அனுப்பிவிடாதீர்கள். நம் கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தின் தலைப்பில் அந்தப் பெயர் முழுதாக இருக்கிறது. அதே பெயர், கடைசிச் சொல் வரை, திரையில் வர வேண்டும். ஒரு சொல் மாறினாலும் அனுப்ப வேண்டாம்.

ரசீதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போலி ரசீது நம்முடையதைவிட அழகாக இருந்தது. நம்முடையது மங்கிய மஞ்சள் தாள். புத்தக எண்ணும் வரிசை எண்ணும் அச்சில் இருக்கும். கீழே கார்பன் நகல் எங்களிடம் நிற்கும். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருப்போம். தலைக்கட்டுப் பெயரும் ஊரும் இருக்கும். யூபிஐ வழியாக வந்த பணமென்றால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுகிறோம். திருப்பூருக்குப் போனதில் புத்தக எண் இல்லை, பரிவர்த்தனை எண் இல்லை. அம்மன் படம் மட்டும் பளபளவென்று இருந்தது.

பணத்தைத் ‘திருப்பித் தருகிறோம்’ என்று வருகிற அழைப்பு இதன் அடுத்த கட்டம். தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது, இந்தப் படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் எந்தக் காலத்திலும் தேவையில்லை. அதே போல, அழைப்பிதழ் என்று சொல்லி .apk என்று முடியும் கோப்பு வந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். திறந்து நிறுவிவிட்டால் அது போனில் உட்கார்ந்துகொண்டு, வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்களைப் படிக்கும் வகை. நம் அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும்தான் வந்தது.

பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கமிட்டிக்குச் சொல்வது அப்புறம் இருக்கட்டும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கி, எதிராளியின் போன் நம்பர் கையில் இருக்க வேண்டும். புகார் பதிவானதும் பணம் எந்த வங்கிக்குப் போனதோ அங்கே தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சமிருப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. பிறரிடம் வாடகைக்கு வாங்கிய கணக்குகளுக்கு அடுத்தடுத்துத் தாவி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் வெளியே போய்விடும். அதனால் மாலையில் வீட்டுக்காரர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நிறுத்தி வைக்க ஒன்றும் இருக்காது. cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். நம் கையால் பின் நம்பர் போட்டு அனுப்பியது என்பதால், வங்கி தன் பணத்திலிருந்து ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். திருப்பூர்ப் பெண் புகார் செய்தபோது ஒரு பகுதிதான் மிச்சமிருந்தது. அதுவும் நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது, கைக்கு வரவில்லை.

அவர் ரொம்ப நாள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டார். சாமி காரியத்தில் ஏமாந்தேன் என்று சொல்வதைச் சகுனத் தடையாக நினைத்தார். அந்தக் கூச்சம்தான் அடுத்த வீட்டுக்கும் போன் போவதற்கு வழி செய்கிறது.

கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒன்று. ‘இது ஆடிட்டர் கணக்கு’ என்ற பொய் எடுபட்டதற்குக் காரணம் நம் பழக்கம். திருப்பணி நடந்த காலத்தில் கல் வேலைக்கு ஒருவர் நம்பருக்கும், பந்தலுக்கு ஒருவர் நம்பருக்கும், அன்னதான அரிசிக்கு இன்னொருவர் நம்பருக்கும் அனுப்பச் சொன்னோம். எல்லாம் யோக்கியமான ஆட்கள், ஒரு ரூபாய் குறையவில்லை, கணக்கு என்னிடம் இருக்கிறது. ஆனால் கோயில் பணத்தைத் தனி ஆள் பெயருக்கு அனுப்புவது சகஜம் என்று ஜனங்களுக்குப் பழக்கிவிட்டோம். அறக்கட்டளைக் கணக்கைத் தவிர வேறு எதிலும் இனி ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று தீர்மானம் எழுத வேண்டும். அவசரத்துக்கு யாராவது கைக்காசு போட்டால், அவருக்குக் கோயில் கணக்கிலிருந்து திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். உண்டியல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் பூசாரி தினமும் நடை திறக்கும்போது தன் போனில் ஒரு தடவை ஸ்கேன் செய்து பெயரைப் பார்த்துவிட வேண்டும். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. அடுத்த அழைப்பிதழில் உபயதாரர் போன் நம்பர் வேண்டவே வேண்டாம்.

பெண்மக்கள் உபயம் செய்ய விரும்பினால் அதற்குத் தனிப் பேரேடு போடவும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேரேட்டில் இருப்பவர்களுக்கு ஊர்க்காரர் யாராவது நேரில் சொல்லிவிடுவார்கள்.

மண்டல பூஜையில் மீதமுள்ள நாட்கள் அனைத்துக்கும் உபயக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளும் காலி இல்லை. யாருக்காவது உண்மையிலேயே தீட்டு வந்தால் அவருடைய பங்காளிகளே அந்த நாளை எடுத்துக்கொள்வது வழக்கம். கமிட்டி வெளியே யாரையும் போனில் கேட்காது. ஏற்கெனவே இப்படிப் பணம் அனுப்பியவர்கள், 1930-ல் சொல்லிவிட்டு, பரிவர்த்தனை எண்ணோடு வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு கோயிலில் என்னைப் பாருங்கள். அனுப்பிய தேதியையும் வந்த நம்பரையும் சேர்த்து ஒரே புகாராகக் காவல் நிலையத்தில் கொடுக்கப்போகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கணக்கு எழுதும் உங்கள் பங்காளி
தாராபுரம் வட்டம்