வகுப்பு நேரத்தை மாற்றினாலும் பழைய லிங்க்கையே அனுப்பும் உங்கள் நினைவூட்டல்

வணக்கம்,

வகுப்பு தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது மாணவர்களுக்குத் தானாகவே லிங்க் போகும் என்பதற்காகத்தான் உங்கள் சேவைக்குச் சந்தா கட்டினேன். அது இப்போது என் வகுப்பையே கெடுத்திருக்கிறது.

புதன்கிழமை மாலை 6 மணிக்கு இருந்த கணித வகுப்பை 7 மணிக்குத் தள்ளி, புது மீட்டிங் உருவாக்கி, அதன் லிங்க்கைத் திங்கட்கிழமையே உங்கள் பக்கத்தில் மாற்றிவிட்டேன். திரையில் நேரமும் லிங்க்கும் சரியாகத்தான் தெரிந்தன. ஆனால் 24 பேரில் 19 பேருக்கு 5.50-க்கே பழைய லிங்க் போயிருக்கிறது. பிள்ளைகள் அதைத் திறந்து, நான் வருவேன் வருவேன் என்று காத்திருப்பு அறையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வகுப்பு இல்லை போல என்று போய்விட்டார்கள். 7 மணிக்கு வந்தது 5 பேர்தான்.

உங்கள் உதவிக் குழு, ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பியது. மெயில் போய்ச் சேராமல் இருந்தால்தானே அதைப் பார்க்க வேண்டும்? இங்கே நிமிடம் தவறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, தவறான நேரத்துக்கு, தவறான லிங்க்கோடு.

சரியாக வந்த அந்த 5 பேரும் செவ்வாய்க்கிழமை, அதாவது நான் மாற்றிய பிறகு, வகுப்பில் சேர்ந்தவர்கள். சந்தேகம் வந்து ஒரு சோதனை வகுப்பு போட்டுப் பார்த்தேன். லிங்க்கை மாற்றும் முன் என் மெயில் முகவரி ஒன்றையும், மாற்றிய பின் இன்னொன்றையும் சேர்த்தேன். முதலாவதற்குப் பழைய லிங்க், இரண்டாவதற்குப் புதியது. அப்படியென்றால் மாணவர் சேரும் அந்த நேரத்திலேயே நினைவூட்டலை எழுதி, லிங்க்கையும் அதற்குள் நகலெடுத்து வரிசையில் போட்டுவிடுகிறீர்கள், அப்புறம் வகுப்பில் எது மாறினாலும் அந்த நகலை யாரும் தொடுவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

லிங்க்கை முன்கூட்டியே எழுதி வைக்காமல், அனுப்பும் நொடியில் வகுப்பின் பதிவிலிருந்து எடுங்கள். நேரம் மாறினால் வரிசையில் இருக்கும் பழைய நினைவூட்டலை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இதில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது, சரியான லிங்க் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கும். நினைவூட்டல் போன பிறகு, அந்தக் கடைசி 10 நிமிடத்துக்குள் நான் லிங்க்கை மாற்ற வேண்டி வந்தால், திருத்திய லிங்க் உடனே இன்னொரு முறை போக வேண்டும்.

இப்போதைக்கு வகுப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிச் சமாளிக்கிறேன், ஆனால் அப்படிச் செய்தால் இதுவரையிலான வருகைப் பதிவும் சேர்ந்தே போய்விடுகிறது. இதை எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதியோடு பதில் வேண்டும். இந்த மாதச் சந்தாவையும் திருப்பிக் கொடுங்கள். சோதனை வகுப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன், உங்கள் ஆட்கள் திறந்து பார்க்கலாம்.