அப்ரைசல் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள நண்பனுக்கு,

மேனேஜர் உன் ஆண்டு வேலையை மதிப்பிட்டு எழுதியது நியாயமா என்று கேட்டு நீ எழுதிய கடிதமும், கூடவே வைத்திருந்த அப்ரைசல் நகலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். மகள் விடுதிக்குப் போய்விட்டதால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நகலை நிதானமாகவே படிக்க முடிந்தது.

5-க்கு 2 என்று பார்த்ததும் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்த எண்ணையும் கீழே எழுதியிருப்பதையும் தனித்தனியாகப் பார். மதிப்பெண்ணை இறுதி செய்யும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பல மேனேஜர்கள் தங்கள் ஆட்களின் பெயர்களைக் கொண்டுவருவார்கள். மேல் மதிப்பெண் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பு இருந்தால், யாரையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். ஒருவருக்கு 3 வருவதும் 2 வருவதும் சில நேரம் அவருக்காக அந்த அறையில் யார் எவ்வளவு பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் அந்த 2 நியாயமா என்பதற்கு உன்னால் முழு விடை கண்டுபிடிக்கவே முடியாது. வரிகளைச் சோதித்துப் பார்க்க முடியும்.

உன் மேனேஜர் எழுதியதில் மூன்று வரிகள்தான் கனமானவை. 'பொறுப்பை ஏற்றுக்கொள்வதில்லை' என்பதில் ஒரு சம்பவம்கூட இல்லை. இது தீர்ப்பு மட்டும்தான். எதைப் பார்த்து இப்படி எழுதினார் என்று அவரிடம் கேட்கும்வரை இதை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். 'வாடிக்கையாளர் அதிருப்தி' என்பது கடைசி மாதத்தில் நடந்த ஒரே சம்பவம். ஆண்டு முழுவதையும் எழுத வேண்டியவர்களுக்கு அண்மையில் நடந்ததுதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு முந்தைய மாதங்களில் அதே வாடிக்கையாளர் அனுப்பிய நல்ல மெயில்களை எடுத்து வை.

நான் நின்று யோசித்தது மூன்றாவது வரியில்: 'இரண்டு முறை டெட்லைன் தவறியது.' இதுதான் அநியாயத்தின் உச்சம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முறையும் வேறு அணி தகவலைத் தாமதமாகத் தந்தது என்கிறாய். நம்புகிறேன். ஆனாலும் ஒன்று செய். அந்த இரண்டு வேலைகளின் மெயில்களையும் திற. தகவல் வராது என்று உனக்குத் தெரிந்த தேதியையும், அதை மேனேஜரிடம் சொன்ன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. தெரிந்த அன்றோ மறுநாளோ சொல்லியிருந்தால் இந்த வரி தவறு. அந்த மெயில்களே சான்று. இரண்டு வாரம் முன்பே தெரிந்தும் கடைசி நாளில்தான் சொல்லியிருந்தால், அவர் கோபம் தாமதத்தின் மேல் இல்லை. தனக்கு மேலே இருப்பவர்முன் பதில் தெரியாமல் நின்றதுதான் அவரை உறுத்தியிருக்கும். அதையே 'டெட்லைன்' என்றும் 'பொறுப்பு' என்றும் எழுதியிருக்கலாம். பெயர் தப்பாக வைத்த குறை என்றாலும் குறை குறைதான். அப்படியானால் நீ சரிசெய்ய வேண்டியது வேலையின் வேகத்தை இல்லை, தகவல் சொல்லும் நேரத்தை. இரண்டுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு.

ஆண்டு முழுக்க ஒரு வார்த்தை சொல்லாமல் கடைசியில் கொட்டினார் என்கிறாயே, அது அவர் தவறுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சொன்ன விதம் தவறு என்பதால் சொன்ன விஷயமும் பொய் என்று ஆகிவிடாது.

உன் அணியில் வேறு யாருக்காவது இதே போலத் தாமதமாகி, அவருக்கு ஒன்றும் எழுதப்படவில்லை என்றால் அதைக் குறித்து வை. ஆண்டின் தொடக்கத்தில் பேசிய இலக்கில் இல்லாத ஒன்றுக்காகக் குறை சொல்லியிருந்தாலும் அப்படித்தான். இவை உண்மையான அநியாயத்தின் அடையாளங்கள்.

அப்புறம், என்னைப் போன்ற நண்பர்களிடம் 'இது நியாயமா' என்று கேட்டால் உன் பக்கம்தான் பேசுவோம். உன் வேலை யார் கைக்குப் போய்ச் சேர்கிறதோ அவரிடம் கேள். 'நான் எப்படி' என்று கேட்காதே, நல்லவிதமாகத்தான் சொல்வார். 'தாமதமாகும்போது உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா?' என்று மட்டும் கேள்.

மேனேஜரிடம் பேசப் போகும்போது மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி ஆரம்பிக்காதே. 'அடுத்த ஆறு மாதத்தில் நான் என்ன செய்வதைப் பார்த்தால் இந்த வரியை எழுத மாட்டீர்கள்?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேள். 'தடை வந்த அன்றே சொல்' என்பது போலக் கையில் பிடிக்கிற மாதிரி பதில் சொன்னால் அவர் எதையோ உண்மையில் பார்த்திருக்கிறார். 'உன் மனப்பான்மை மாற வேண்டும்' என்றே சுற்றிச் சுற்றி வந்தால், அல்லது நீ கேட்கக் கேட்கப் பதில் மாறினால், உன் சந்தேகம் சரி. எதுவானாலும் அன்றே ஒரு சின்ன மெயிலில் எழுதி அவருக்கு அனுப்பிவிடு. தேதிகள் உன் பக்கம் இருந்தால், ஊழியர் கருத்து என்று இருக்கிற இடத்தில் சம்பவமும் தேதியும் மட்டும் எழுது. கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று இருக்கிறதா, 'ஏற்கிறேன்' என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் போடு.

ராஜினாமா பற்றிய பத்திக்கு இப்போது பதில் எழுதவில்லை. முதலில் அந்தத் தேதிகளைப் பார்த்து எனக்கு எழுது. மேனேஜர் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே எழுது, அதை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்