சாயங்கால அழுகையும் பேரனின் வயிறும்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது வரை பேரன் வீறிட்டு அழுகிறான், முகம் சிவந்து, காலை மடக்கி, வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த காலத்தில் இதே வார்த்தைகளை எத்தனையோ தாய்மார்கள் அழுதுகொண்டே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலில் நீ கொடுத்த எடையைத்தான் பார்த்தேன். பிறந்தபோது 2.9 கிலோ, ஐந்து வாரத்தில் 3.7. பிறந்ததும் கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்து, அப்புறம் ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் ஏறினாலே 3.5 கிலோதான் வரும்; இவன் அதைவிடக் கூடவே இருக்கிறான். பால் போதவில்லை என்ற கவலையை உன் மகள் விட்டுவிடலாம். மற்ற நேரத்தில் நன்றாகக் குடிக்கிறான், சிரிக்கப் பார்க்கிறான் என்கிறாய். இது கோலிக் போலத்தான் தெரிகிறது, நோய் எதுவும் இல்லாமலே கைக்குழந்தை மணிக்கணக்கில் அழுவதற்கு அந்தப் பெயர். ஐந்தில் ஒரு குழந்தைக்கு வருவது. ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும்.

இப்போது அந்த இறுகிய வயிறு. வாயு அடைத்துக்கொண்டு, அதனால் அழுகிறான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். வீறிட்டு அழும்போது வயிற்றுத் தசைகள் முழுவதும் முறுக்கிக்கொள்ளும், ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றையும் விழுங்குவான். அதனால்தான் வயிறு உப்பி, கடைசியில் வாயு பிரிகிறது. அதற்குள் அவன் களைத்து அடங்குவதால், வாயு போனதால்தான் நின்றது என்று நமக்குத் தோன்றுகிறது. வாயுவுக்கு என்று தரும் சிமெத்திகோன் சொட்டு மருந்தை மருந்தில்லாத வெறும் சொட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் குடலுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. குடலில் குடியேறும் நுண்ணுயிர்க் கூட்டம் இந்த வயதில் இன்னும் நிலைபெறவில்லை. இப்படி அழும் குழந்தைகளின் மலத்தைச் சோதித்த ஆய்வுகளில், தாய்ப்பாலின் சர்க்கரையை அமைதியாகச் செரிக்கும் பிஃபிடோ, லாக்டோ வகைகள் குறைவாகவும், ஈ.கோலை போன்ற வாயு உண்டாக்கும் வகைகள் கூடுதலாகவும் இருந்தன. சில ஆய்வுகளில் குடல் சுவரில் லேசான அழற்சியின் அடையாளமும் தெரிந்தது. குடலின் நரம்புகளும் பக்குவப்படாதவை. நமக்கு உறைக்காத சின்ன அசைவும் நீட்டமும் அவனுக்கு வலியாகலாம். இது எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் முழு விளக்கம் ஆகாது. அழுகையை அடக்கிக்கொள்ளும் திறமை மூளைக்கு இன்னும் வராததும் இதில் சேர்ந்திருக்கிறது.

லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நல்ல கிருமிச் சொட்டு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளில் அழும் நேரத்தைக் குறைத்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. புட்டிப்பால் குழந்தைகளில் அந்தப் பலன் தெளிவாக இல்லை. உன் பேரனுக்குத் தாய்ப்பால்தான் என்பதால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வசம்பு சுட்டு உரைத்துக் கொடுக்கலாமா என்று உன் சம்பந்தியம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாம், செல்வி. இவ்வளவு சின்ன உடம்புக்கு அதில் உள்ள வேதிப்பொருள் நல்லதில்லை. தேனும் ஒரு வயது வரை கூடாது. உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டவும் விடாதே.

ஒன்று மட்டும் இன்றே பார். அவன் தூங்கும்போது வயிற்றில் மெல்லக் கை வை. மெத்தென்று இருந்தால் சரி. தூக்கத்திலும் இறுகியே இருந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால், 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. துணியைக் கழற்றித் தொடை இடுக்கில் புடைப்பு இருக்கிறதா, கால் விரலில் முடி சுற்றியிருக்கிறதா என்றும் பார். முடி சுற்றி விரல் வீங்கிய ஒரு குழந்தை கோலிக் என்று சொல்லி எங்களிடம் வந்தது.

மற்றபடி முன்கையில் குப்புறப் போட்டு நடப்பது, இருட்டான அமைதியான அறை, ஒரே சீரான ஓசை, இவை சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. உன் மகளுக்குத் தாங்க முடியாமல் போனால் அவனைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போய் உட்காரட்டும். யாரும் கோபத்தில் அவனைக் குலுக்கிவிடக் கூடாது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அன்று ஆறிலிருந்து ஒன்பது வரை அவன் என் தோளில் இருக்கட்டும், உன் மகள் தூங்கட்டும்.

அன்புடன்,
உன் மீனா